சொன்னதும் விரல் எழுத வேண்டும்: தமிழ் வலைப்பூவுக்குப் பெயரும் முகவரியும் தேர்ந்தெடுக்கும் முறை

உப்புவெளியில் இருக்கும் என் பெறாமகள் மீன் சமையலைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னாள். எந்த மாதத்தில் எந்த மீன் கரைக்கு வரும், அதை எப்படித் தெரிந்து வாங்குவது, அம்மம்மா எப்படி ஆக்கினார் என்பதெல்லாம் அவளிடம் நிறைய இருந்தது. பெயரையும் அவளே வைத்துவிட்டாள்: திருமலை மீன் சமையல். தமிழில் பார்த்தால் குறை சொல்ல முடியாத பெயர்.

"முகவரி என்ன?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பெயரேதான் சின்னம்மா, இடைவெளி இல்லாமல் டொட் கொம்."

நான் tirumalaimeensamaiyal என்று தட்டினேன். அவள் மனதில் இருந்தது thirumalaimeensamayal. தாயும் பிள்ளையும் போலப் பழகும் எங்கள் இருவருக்குள்ளேயே இரண்டு எழுத்துக்கூட்டல்கள் வந்துவிட்டன. அன்று தொடங்கி மூன்று வாரம் நாங்கள் பெயரைத்தான் சோதித்தோம். அந்த முறையை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் முகவரியாக்கும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும்.

முதல் படி: பெயர் எத்தனை கிளையாகப் பிரிகிறது என்று எண்ணுங்கள்

ஆங்கில எழுத்தில் தமிழை எழுத எல்லோரும் கைக்கொள்ளும் ஒரே ஒழுங்கு கிடையாது. ஒவ்வொருவரும் பள்ளியில் தன் பெயரை எப்படி எழுதினாரோ அப்படியே மற்றச் சொற்களையும் எழுதுகிறார். யாழ் என்பதை இலங்கையில் yarl என்று எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டுக்காரர் yazh அல்லது yaazh என்பார். ஈழம் நமக்கு eelam. சென்னையில் அதையே ஒருவர் eezham என்று எழுதினால் அவர் பழக்கப்படி அதுவும் சரி.

ஆகவே ஒரு தாளில் பெயரைத் தமிழில் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் கீழும் மக்கள் அதை ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று குறியுங்கள். அதிகம் பிரிபவை இவை: ழ, த, ட, ச, க, ப, நெடில்கள், இரட்டித்து வரும் மெய்கள். த என்றால் th, t, d மூன்றும் வரும். ச என்றால் s, ch, சில நேரம் c. ஆ என்றால் a அல்லது aa. ஈ என்றால் ee அல்லது i. இலங்கையில் வ-வையும் கவனிக்க வேண்டும், இங்கே v, w இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பிரியாமல் நிற்பவை ம, ர, ல, ய, குறில் அ, குறில் இ, குறில் எ ஆகியவை. ந, ன, ண மூன்றும் ஒரே n-க்குள் அடங்கிவிடுவதால் அவையும் எழுதுபவருக்குத் தொல்லை தருவதில்லை.

பிறகு பெருக்குங்கள். திருமலை மீன் சமையல் என்பதில் முதல் எழுத்து th அல்லது t, இரண்டு வழி. மலை என்பது malai அல்லது malay, இரண்டு. மீன் என்பது meen அல்லது min, இரண்டு. சமையல் என்பது samayal, samaiyal, chamayal, மூன்று. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, பெருக்கினால் 24. ஒரே பெயருக்கு 24 முகவரிகள். அவற்றில் ஒன்றுதான் அவளுடையது. அதுவும் 21 எழுத்து நீளம்.

நீளத்துக்கு விதிப்படியான எல்லை மிகத் தாராளமானது. புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி 63 எழுத்து வரை போகலாம். ஆனால் கைபேசியின் முகவரிப் பட்டையில் பாதிக்கு மேல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். தட்டுபவர் தான் என்ன தட்டினார் என்று திரும்பிப் பார்க்க முடியாது. பன்னிரண்டு எழுத்துக்குள் முடிப்பது என் கணக்கு.

இந்தப் பெயருக்கு இன்னொரு குறையும் இருந்தது. நமக்குத் திருமலை என்றால் திருகோணமலை. கடல் தாண்டினால் அது திருப்பதி மலை. மதுரைக்காரருக்குத் திருமலை நாயக்கர் நினைவுக்கு வருவார். தேடுபொறியில் அந்தச் சொல்லைத் தட்டுகிறவர்களில் பெரும்பகுதியினர் தேடுவது வெங்கடாசலபதியைத்தான். எங்கள் சூரைமீன் குழம்பு அந்தக் கூட்டத்துக்குள் எங்கே நின்று குரல் கொடுக்கும்?

ஊர்ப்பெயரைச் சேர்க்க விரும்பினால் பெயர்ப்பலகையில் நிலைத்துவிட்ட எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். Nilaveli, Uppuveli, Kinniya ஆகியவற்றை பஸ்ஸிலும் பலகையிலும் பார்த்துப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி எழுதப் பழகியிருக்கிறார்கள். மூதூர் அப்படியில்லை. Mutur, Muttur, Muthur என்று மூன்று வடிவங்கள் ஊரிலேயே உலவுகின்றன. சம்பூரையும் Sampur, Sampoor என்று இரண்டு விதமாகப் பார்க்கலாம். பலகையே ஒருமனப்படாத பெயரை வாசகர் விரல் எப்படி ஒருமனப்பட்டு எழுதும்?

இரண்டாம் படி: ஏழு பேரிடம் ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்

தாளில் எண்ணுவது மேல் எல்லையைத்தான் காட்டும். பழக்கம் பல கிளைகளை வெட்டிவிடும். எது வெட்டுப்படும் என்று வீட்டுக்குள் இருந்தபடி ஊகிக்க முடியாது. அதனால் உண்மையான மனிதர்களிடம் கேட்க வேண்டும்.

எங்கள் ஏழு பேரையும் வேண்டுமென்றே வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தோம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை, மீன் வியாபாரி ஒருவர், கிண்ணியாவில் இருக்கும் அவளுடைய தோழி, அவள் அலுவலகத்தில் வேலை செய்யும் சிங்களப் பெண், டொரொண்டோவில் இருக்கும் மைத்துனர், சென்னையில் என் நண்பி, ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பதினைந்து வயது மருமகன். ஒரே பள்ளியில் படித்த ஏழு பேரைப் பிடித்தால் ஒரே எழுத்துக்கூட்டல் ஏழு முறை வரும், அதிலிருந்து எதுவும் தெரியாது.

சோதனை இதுதான். தொலைபேசியில் அழைத்துப் பெயரை ஒருமுறை, சாதாரண வேகத்தில் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. "இதை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும். சரியா தவறா என்று அவர்களிடம் சொல்லவே கூடாது, ஏனென்றால் மறுபடி அவர்களிடம்தான் வரப்போகிறோம். இரண்டு நாள் கழித்துப் பெயரைச் சொல்லாமல், "அன்று சொன்ன பெயர் என்ன?" என்று கேளுங்கள். முதல் அழைப்பு எழுத்துக்கூட்டலைச் சோதிக்கிறது, இரண்டாவது நினைவை. ஏழில் ஐந்து பேர் ஒரே வடிவத்தை அனுப்பினால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். எல்லையை முன்பே வைக்காவிட்டால், பிடித்த பெயர் தோற்கும்போது மனம் சாக்குச் சொல்லத் தொடங்கிவிடும்.

திருமலை மீன் சமையல் ஏழு பேரிடமிருந்து ஐந்து வடிவங்களாக வந்தது.

அடுத்து அவள் ஆழி என்றாள். சின்னச் சொல், கடல் என்று பொருள், எனக்கும் மிகப் பிடித்தது. தாளில் ஆ இரண்டு வழி, ழி என்பது zhi, li, rli என மூன்று வழி, மொத்தம் ஆறு. ஏழு பேரிடமிருந்து aazhi, azhi, aali, ali என்று நான்கு வடிவங்கள் வந்தன. கடைசி வடிவம் முற்றிலும் வேறொரு பெயர். ழகரம் நம் மொழியின் அழகுதான், அதை இழக்க யாருக்கும் மனம் வராது. வலைப்பூவின் தலைப்பில் அது எத்தனை இடத்திலும் இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் எழுதும் முகவரியில் வேண்டாம்.

பிறகுதான் முரல் வந்தது. நம் கடலில் பிடிபடும் நீண்ட மெல்லிய மீன், சந்தையில் எல்லோருக்கும் தெரியும். ம, ர, ல ஆகிய பிரியாத எழுத்துகள். உ மட்டும் சிலருக்கு oo ஆகலாம் என்று பயந்தோம்; குறில் என்பதால் யாரும் அப்படி எழுதவில்லை. ஏழு பேரும் mural என்று அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஏழு பேருக்கும் நினைவிருந்தது. அவள் துள்ளிக் குதித்தாள்.

அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கும்படி சொன்னேன். திரை முழுவதும் சுவரோவியங்கள். mural என்பது ஆங்கிலத்தில் சுவரோவியம். எவ்வளவு சரியாக எழுதினாலும் அந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் வேறு ஆட்கள். இன்று பலர் புள்ளியும் அதன்பின் வரும் com போன்ற முடிவும் சேர்த்து முழு முகவரியைத் தட்டுவதில்லை. பெயரை மட்டும் தட்டி அம்புக்குறியை அழுத்துகிறார்கள். அது தேடலாகப் போகிறது. ஆகவே எழுத்துக்கூட்டலில் வென்ற பெயரைத் தேடலிலும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் சோதனையில் இந்தக் கேள்வி ஒரு வாரம் பிந்தி வந்தது. நீங்கள் அதை முதல் நாளிலேயே கேளுங்கள்.

நான்காவது பெயர் நிலாமீன். நிலாவெளியை நினைத்து அவள் வைத்தது. தாளில் லா இரண்டு வழி, மீன் இரண்டு வழி, மொத்தம் நான்கு. ஆனால் நிலா என்பது பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்; nila என்ற வடிவம் எல்லோர் கையிலும் பழகிவிட்டது. ஐந்து பேர் nilameen என்று அனுப்பினார்கள். மீன் வியாபாரி nilamin என்றார். ஜெர்மன் மருமகன் nilamien என்று அனுப்பினான். அவன் படித்த மொழியில் ஈகார ஒலியை ie என்றுதான் எழுதுவார்கள். Ee என்றால் அவனுக்கு ஏகாரம். ஏழில் ஐந்து, எல்லையைத் தொட்டுவிட்டது. தேடிப் பார்த்தபோது அந்த இடத்தை அடைத்துக்கொண்டு பெரிய பெயர் எதுவும் இல்லை.

எதிர்த்திசையிலும் பாருங்கள்: எழுதிய முகவரியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கிண்ணியாத் தோழி அதை நீலமீன் என்று வாசித்தாள். எழுத்து மாறாததால் இதனால் யாரும் வழி தவற மாட்டார்கள். ஆனாலும் முகவரி அச்சாகும் இடத்திலெல்லாம் தமிழ்ப் பெயரும் கூடவே நிற்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

மூன்றாம் படி: ஒற்றைக் கையால் தட்டிப் பாருங்கள்

பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைப் பெருவிரலால் தட்டுகிறவர்தான் உங்கள் வாசகர். அவர் நிலையில் நின்று பெயரைப் பத்து முறை தட்டுங்கள்.

எண்களும் இணைப்புக் கோடும் இங்கே தோற்றுவிடும். பெரும்பாலான கைபேசி விசைப்பலகைகளில் கோட்டுக்கு வேறு பக்கத்துக்கு மாற வேண்டும், பிறகு எழுத்துக்குத் திரும்ப வேண்டும். வாயால் சொல்லும்போது, "நடுவில் ஒரு கோடு" என்று விளக்கவும் வேண்டும். எண்ணைச் சொன்னால் அது இலக்கமா எழுத்தா என்ற கேள்வி வரும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ஒரே எழுத்து இரட்டிக்கிறதா என்று பாருங்கள். மணல் என்பதோடு லகரத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்த்தால் l இரண்டு முறை வரும். தட்டுபவர் ஒன்றை விழுங்கிவிடுவார். அடுத்தடுத்து இருக்கும் விசைகளும் தொல்லைதான். n, m இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன, தொலைபேசியில் கேட்கும்போதும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. nilameen இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை. பத்து முறை தட்டியதில் ஒருமுறை nilaneen ஆனது. மற்றச் சோதனைகளில் அது நின்ற விதத்தைப் பார்த்து இந்தக் குறையோடு ஏற்றுக்கொண்டோம். முகவரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை என்பதால் முதல் எழுத்தைக் கைபேசி தானாகப் பெரிதாக்கினாலும் கவலையில்லை.

வாட்ஸ்அப்பிலும் அனுப்பிப் பாருங்கள். முகவரிப் பட்டையில் பொதுவாகத் தானியங்கித் திருத்தம் குறுக்கிடாது, செய்தி எழுதும்போது குறுக்கிடும். உங்கள் பெயரை அது வேறொரு ஆங்கிலச் சொல்லாக மாற்றினால், வாசகர் நண்பருக்கு அனுப்பும் முகவரி உங்களுடையதாக இருக்காது.

நான்காம் படி: முகவரியின் முடிவைத் தேர்ந்தெடுங்கள்

எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: .com, .lk, தமிழ் எழுத்தில் .இலங்கை.

வாசகர் எல்லோரும் இலங்கையில் இருந்தால் .lk நல்ல தேர்வு. குட்டையானது, எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கமானது. பெறாமகளின் வாசகர்களில் பாதிப்பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பார்கள். முடிவு மறந்துபோனால் அவர்கள் கை தானாக .com என்றுதான் போகும். ஐபோனின் சஃபாரியில் முகவரி தட்டும்போது புள்ளியை அழுத்திப் பிடித்தாலே .com தோன்றிவிடுகிறது. அதனால் .com எடுப்பது என்று தீர்மானித்தோம்.

.இலங்கை என்ற முடிவு 2010 முதல் இருக்கிறது. முழு முகவரியையும் தமிழிலேயே எழுதலாம் என்பது மகிழ்ச்சியான விஷயம். எழுத்துக்கூட்டல் சிக்கலும் பெருமளவு ஓய்ந்துவிடும். ஆனால் தட்டுபவரின் கைபேசியில் தமிழ் விசைப்பலகை நிறுவப்பட்டிருக்க வேண்டும். கணினிகள் உள்ளே இதை வேறு வடிவத்தில்தான் வைத்திருக்கின்றன, .இலங்கை என்ற முடிவு மட்டுமே இப்படி இருக்கும்:

```
.xn--xkc2al3hye2a
```

சில செயலிகளில் முகவரியை ஒட்டும்போது தமிழ் மறைந்து இந்த வடிவம் வெளியே வந்துவிடும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார். தமிழ் முகவரியை எடுத்து, ஆங்கில எழுத்து முகவரிக்குத் திருப்பி விடுவது நல்ல ஏற்பாடு. அதை மட்டுமே நம்பி இருப்பதை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவையே சொல்லின் பகுதியாக்கும் ஆசையும் சிலருக்கு வரும். 2003-இல் தொடங்கிய del.icio.us என்ற புகழ்பெற்ற தளம் அப்படித்தான் பெயர் வைத்தது. எந்த இடத்தில் புள்ளி வரும் என்று மக்கள் தடுமாறினார்கள்; 2008-இல் அது delicious.com என்று மாறியது.

ஐந்தாம் படி: பணம் கட்டுவதற்கு முன்

பெயர் கிடைக்கிறதா என்பதை .com என்றால் lookup.icann.org தளத்திலும், .lk என்றால் domains.lk தளத்திலும் பார்க்கலாம். கிடைத்தால் அதே பெயரை web.archive.org தளத்தில் தட்டி, முன்பு யாராவது வைத்திருந்தார்களா என்று பாருங்கள். சூதாட்டமோ ஆபாசமோ நடந்த முகவரி என்றால் அந்தப் பழி உங்கள் தலையில் விழும். சில வடிகட்டிகளில் முகவரி ஏற்கெனவே தடுக்கப்பட்டும் இருக்கலாம். முகநூலிலும் யூடியூபிலும் அதே எழுத்துக்கூட்டல் காலியாக இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

விலையைப் பார்க்கும்போது முதல் ஆண்டுத் தொகையை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புத் தொகையைப் பாருங்கள். முதல் ஆண்டு தள்ளுபடியில் கொடுத்துவிட்டு மறு ஆண்டு பல மடங்கு கேட்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம்.

பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எனக்காக ஒரு முகவரியை அச்சுவேலை செய்யும் கடை ஒன்று எடுத்துக் கொடுத்தது, அவர்களுடைய மின்னஞ்சலில். புதுப்பிக்கும்படி வந்த அறிவிப்புகள் அங்கேயே போயின; கடை கைமாறியிருந்தது. எனக்குத் தெரியவந்தபோது முகவரி வேறொருவர் கையில் இருந்தது. தவணை தவறிய .com முகவரியைப் பதிவு நிறுவனம் நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்குப் பின் 5 நாளில் அது பொதுவுக்கு வந்துவிடும். அறிவிப்பு உங்கள் கைக்கு வந்தால்தான் இந்த நாட்களால் பயன்.

இலவசமாக blogspot.com போன்றதன் கீழ் தொடங்குகிறவர்களும் பெயர்ச் சோதனையை விடாதீர்கள். பின்னாளில் சொந்த முகவரிக்கு மாறும்போது அதே பெயரைத்தான் எடுக்க விரும்புவீர்கள்.

ஆறாம் படி: தவறிய கிளையை வாங்கித் திருப்பி விடுங்கள்

சோதனையில் வந்த தவறுகளில் எது மறுபடி வரும் என்று கேளுங்கள். nilamin என்பது ஊரில் பலர் எழுதக்கூடிய வடிவம். அதையும் வாங்கி nilameen-க்குத் திருப்பிவிட்டோம். nilamien ஒருவனுடைய பழக்கம், அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது வீண். ஒரு துணை முகவரி போதும். மூன்று, நான்கு வாங்க வேண்டும் என்று தோன்றினால் பெயரே சரியில்லை, முதல் படிக்குத் திரும்புங்கள். படம் பகிரும் தளமான flickr தன் பெயரில் e-யை விட்டுவிட்டுத் தொடங்கியது. பிறகு 2010-இல் flicker.com முகவரியையும் வாங்க வேண்டியிருந்தது. அவர்களிடம் அதற்குப் பணம் இருந்தது.

எல்லாம் பொருத்திய பிறகு, முன்னால் www போட்டும் போடாமலும் இரண்டு விதமாகவும், வேறொருவர் கைபேசியில், வீட்டு இணைப்பை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். சில நேரம் ஒன்று திறக்கும், மற்றது திறக்காது. அதை அமைப்புப் பக்கத்தில் சரிசெய்யலாம். எங்களுக்கு www இல்லாமல் திறக்கவில்லை. மாலைக்குள் அவள் சரிசெய்துவிட்டு, மீன் வியாபாரியிடமே போய்ப் பெயரைச் சொன்னாள். அவர் ஐஸ் ஈரம் காயாத விரலால் nilamin என்று தட்டினார். பக்கம் திறந்தது.